தங்கத்தை வாங்கிய அன்றே விற்றால் கையில் எவ்வளவு மிஞ்சும்?

தங்கத்தில் பணம் போடப் போகிறவர்கள் முதலில் கேட்பது இன்றைய ரேட் என்ன என்றுதான். அது தெரிந்து பெரிதாக ஒன்றும் ஆகப் போவதில்லை, ஏனென்றால் அந்த ரேட்டில் யாரும் நமக்கு விற்கப் போவதும் இல்லை, நம்மிடம் வாங்கப் போவதும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இப்போது ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கி, கடையை விட்டு வெளியே வந்து, மனசு மாறி, திரும்ப உள்ளே போய் விற்றால் எவ்வளவு கொடுப்பார்கள்? டிஜிட்டல் தங்கம், காசு, பிஸ்கட் மூன்றுக்கும் இந்த ஒரே கேள்வியைப் போட்டுப் பார்த்தால் போதும், பிரீமியம், செய்கூலி, கழிவு என்று தனித்தனியாகச் சொல்லிக் குழப்புவதெல்லாம் ஒரே எண்ணுக்குள் வந்துவிடும்.

இந்தக் கேள்வி கிளம்பியது எங்கள் அலுவலகச் சாப்பாட்டு மேஜையில். பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் நாலு சேர்ந்தால் பேச்சு எப்படியும் வீட்டு வாடகையிலோ தங்கத்திலோ வந்து நிற்கும். கூட வேலை பார்க்கும் மதுரைக்காரர் ஒருவர், மகளுக்கு இப்போது எட்டு வயது, மாதாமாதம் போனில் கொஞ்சம் கொஞ்சமாக டிஜிட்டல் தங்கம் வாங்கி வருகிறார். செயலியில் பணம் கட்டினால் நம் கணக்கில் கிராம் ஏறும், தங்கம் நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கும். அவருடைய வாதம்: "இதில் செய்கூலியே கிடையாதுங்க, காசு வாங்கினா செய்கூலி போகுது." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்கூலி இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் ஒன்றில்லை.

கணக்குக்கு வசதியாக 24 கேரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய விலை வேறாக இருக்கும், அதனால் பரவாயில்லை, விகிதம்தான் முக்கியம். இந்த 10,000 என்பது மொத்தச் சந்தை விலை, வரியும் செய்கூலியும் சேராதது. நிஜத்தில் இதைத் தெரிந்துகொள்ள மும்பையில் இருக்கும் இந்தியா புல்லியன் அண்ட் ஜுவல்லர்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக இப்ஜா, வேலை நாட்களில் வெளியிடும் விலையைப் பார்க்கலாம். ibjarates.com என்ற தளத்தில் 999, 995, 916 என்று தரத்துக்குத் தரம் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள், 999 என்றால் ஆயிரத்தில் 999 பங்கு தங்கம். தங்கப் பத்திரங்களுக்கு ரிசர்வ் வங்கி விலை வைத்ததும் இந்த 999 விலையின் சராசரியை வைத்துத்தான். நகைக்கடைப் பலகையில் இருக்கும் ரேட் பெரும்பாலும் இதைவிடக் கொஞ்சம் கூட. அந்த வித்தியாசமும் நாம் கொடுக்கும் பிரீமியம்தான், ஆனால் பில்லில் தனி வரியாக வராது என்பதால் யாரும் அதைச் செலவாக நினைப்பதில்லை.

முதலில் மதுரைக்காரரின் செயலி. அதில் வாங்கும் விலை என்று கிராமுக்கு 10,150 காட்டுகிறது என்று வைப்போம். அதே நேரத்தில் விற்கும் பக்கத்தைத் திறந்தால் 9,850. இரண்டுக்கும் நடுவில் 300 ரூபாய், அதாவது சுமார் 3 சதவீதம். டிஜிட்டல் தங்கத்தில் இது சாதாரணமாகப் பார்க்கக்கூடிய இடைவெளிதான், இதைவிடக் குறைவாகவும் இருக்கும், கூடவும் இருக்கும். இந்த இடைவெளிக்குள்தான் சுத்திகரிப்பு ஆலையின் லாபம், பெட்டகச் செலவு, காப்பீடு, செயலிக்காரரின் கமிஷன் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. செய்கூலி என்ற பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. பல செயலிகளில் முதல் திரையில் தெரியும் விலை ஜிஎஸ்டி சேராதது, பணம் கட்டும் திரைக்குப் போனால்தான் அது ஏறும். 10,150க்கு வரி சேர்த்தால் கிராமுக்கு 10,454 ரூபாய் 50 காசு. ஒரு லட்சம் கட்டினால் கணக்கில் ஏறுவது சுமார் 9.565 கிராம். அதை உடனே 9,850க்கு விற்றால் கிடைப்பது ஏறக்குறைய 94,200. ஆக 5,800 ரூபாய் காலி. ரேட் ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும்.

இதில் பாதிக்கு மேல் விழுங்குவது வரிதான். டிஜிட்டல் ஆகட்டும், காசு ஆகட்டும், பிஸ்கட் ஆகட்டும், வாங்கும்போது கட்டிய 3 சதவீதம் விற்கும்போது திரும்பி வராது. வியாபாரி அதைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், வீட்டுக்காரருக்கு அந்த வழி இல்லை. எனவே மூன்றில் எதை எடுத்தாலும் ஓட்டம் மைனஸ் மூன்றிலிருந்துதான் ஆரம்பம், வித்தியாசம் வருவது மீதியில்.

அடுத்து காசு. 10 கிராம், 24 கேரட், 999 தரம். கடையில் செய்கூலி 3 சதவீதம் என்கிறார்கள் என்று வைப்போம். தங்கம் ஒரு லட்சம், செய்கூலி 3,000, இரண்டும் சேர்ந்ததற்கு மேல் 3 சதவீத வரி 3,090. மொத்தம் 1,06,090. கவனியுங்கள், வரி செய்கூலிக்கும் சேர்த்துத்தான். இப்போது இதைப் பக்கத்துத் தெருக் கடையில் விற்கப் போனால் அன்றைய ரேட்டில் 2 சதவீதம் கழித்து 98,000 தருவார்கள் என்று எடுத்துக்கொண்டால் நஷ்டம் 8,090. கட்டிய பணத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல். டிஜிட்டலைவிட மோசம், ஆனால் பேசிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

பெரிய வித்தியாசம் வருவது எடை குறையும்போது. அச்சடிப்பது, அட்டையில் சீல் போடுவது, தரச் சான்று எல்லாம் ஒரு கிராமுக்கும் பத்துக் கிராமுக்கும் ஏறக்குறைய ஒரே வேலை. அதனால் சின்னக் காசுக்குச் செய்கூலி சதவீதத்தில் எகிறும். ஒரு கிராம் காசுக்கு 8 சதவீதம் என்று போட்டால், 10,800, வரியோடு 11,124. அதே 2 சதவீதக் கழிவில் விற்றால் 9,800. பன்னிரண்டு சதவீதம் போய்விட்டது! ரேட் பதின்மூன்றரை சதவீதம் ஏறினால்தான் அசல். அட்சய திருதியைக்கு ஒரு கிராம், தீபாவளிக்கு ஒரு கிராம் என்று வாங்கிச் சேர்க்கிறவர்கள் அதைச் சாமிக்கு வைக்க வாங்கினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், முதலீடு என்று சொன்னால்தான் உதைக்கிறது.

வங்கியில் விற்கும் காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரத்தில் சந்தேகமே வேண்டாம், ஆனால் விலை பொதுவாகக் கடையைவிடக் கூடுதல், அப்புறம் வங்கி அதைத் திரும்ப வாங்காது. ரிசர்வ் வங்கி விதி அப்படி. விற்க வேண்டுமானால் நகைக்கடைக்குத்தான் போக வேண்டும், அங்கே அது வங்கிக் காசு என்பதற்காக ஒரு ரூபாய் கூடத் தர மாட்டார்கள்.

விற்கும் இடத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அல்சூரில் ஒரு கடைக்கு நானும் இந்த மதுரைக்காரரும் அவர் மனைவிக்குக் கல்யாணத்தில் வந்த 5 கிராம் காசு ஒன்றை எடுத்துக்கொண்டு விலை கேட்கப் போயிருந்தோம். கவுன்டரில் இருந்த தம்பி நல்ல தமிழ் பேசினார். கையில் வாங்கியதும் முதல் கேள்வி, "கவரைப் பிரிச்சிட்டீங்களா சார்?" பிரித்திருந்தது. குழந்தை பிறந்தபோது பெயர் வைக்கும் சடங்கில் தட்டில் வைப்பதற்காகப் பிரித்ததாம். அடுத்து, "எங்க கடைக் காசா? பில் இருக்கா?" இரண்டுக்கும் இல்லை. பிறகு எடை போட்டார், டச் பார்க்கும் மெஷினுக்குள் வைத்தார், ஒரு நிமிடத்தில் 99.8 என்று வந்தது. "நகையா மாத்திக்கிட்டா இன்னைக்கு ரேட் அப்படியே போட்டுக்கலாம் சார், பணமா வேணும்னா மூணு பர்சென்ட் கழிப்போம்" என்றார்.

இந்த இரண்டு கேள்வியிலும் ஒரு பதிலிலும் விற்பனைக் கழிவின் முழு ரகசியமும் இருக்கிறது. சீல் பிரிக்காத அட்டையில் ஆலையின் பெயர், வரிசை எண், எடை, தரம் எல்லாம் இருக்கும், அந்த ஆலையோ அதன் கிளையோ திரும்ப வாங்குவதாக இருந்தால் சீல் உடையாமல் இருப்பதுதான் முதல் நிபந்தனை. பிரித்துவிட்டால் அது வெறும் தங்கத் துண்டு, சோதித்துத்தான் வாங்குவார்கள். அந்த மெஷின் எக்ஸ்ரே விட்டுப் பார்ப்பது, ஆனால் மேல்பரப்பை மட்டும்தான் படிக்கும், உள்ளே என்ன என்று அதற்குத் தெரியாது. ஐந்து கிராம் காசில் இது பெரிய பிரச்சினை இல்லை. தடிமனான பிஸ்கட்டில்தான் பிரச்சினை, ஏனென்றால் டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25, தங்கத்துடையது 19.3, உள்ளே டங்ஸ்டன் வைத்து மேலே தங்கம் போர்த்தினால் எடையும் அளவும் ஏறக்குறையப் பொருந்திவிடும். அதனால் முன்பின் தெரியாத ஆள் பில் இல்லாமல் கொண்டு வரும் பிஸ்கட்டை வெட்டிப் பார்க்காமல், உருக்கிப் பார்க்காமல் எந்த வியாபாரியும் பணம் கொடுக்க மாட்டார்.

"நகையா மாத்திக்கிட்டா முழு ரேட்" என்பதில் பலர் மயங்குவார்கள். கடைக்கு அந்த 3 சதவீதத்தை விட்டுக்கொடுப்பது கஷ்டமே இல்லை, நகையில் செய்கூலி, சேதாரம் என்று அதைவிடப் பல மடங்கு எடுத்துவிடும். இன்னொன்று, புது நகைக்கு அதன் முழு மதிப்புக்கும் மறுபடி 3 சதவீதம் ஜிஎஸ்டி. பழைய காசின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் வரி போடுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஆக மகள் கல்யாணத்துக்கு என்று காசாகச் சேர்த்து அப்புறம் நகையாக மாற்றினால் அதே தங்கத்துக்கு இரண்டு முறை வரி, காசின் செய்கூலி தனி, நகையின் செய்கூலி தனி.

பிஸ்கட்டுக்கு வருவோம். அவென்யூ ரோடு, நகரத்பேட்டை பக்கம் தங்கம் மொத்தமாகக் கைமாறும் கடைகளில் கேட்டால், 50 கிராம், 100 கிராம் பிஸ்கட்டுக்கு மேலே வைக்கும் பிரீமியம் ஒரு சதவீதத்துக்குள்கூட முடியும். 50 கிராமுக்கு 0.8 சதவீதம் என்று போடுவோம். ஐந்து லட்சத்துக்கு 4,000 பிரீமியம், வரியோடு 5,19,120. நல்ல பில், உடையாத சீல், தெரிந்த ஆலை, வாங்கிய கடையிலேயே விற்கிறோம் என்றால் ஒரு சதவீதக் கழிவில் 4,95,000 வரும். நஷ்டம் 24,120, அதாவது 4.6 சதவீதம். மூன்றிலும் இதுதான் குறைவு, அதிலும் பெரும்பங்கு வரி. வரியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் பிஸ்கட்டின் சொந்தச் செலவு இரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது.

பிஸ்கட்டில் ஏமாறக்கூடிய இடம் 995க்கும் 999க்கும் இடையில். இரண்டையும் பேச்சில் 24 கேரட் என்றுதான் சொல்வார்கள். கிராமுக்கு 10,000 என்றால் இந்த 0.4 சதவீத வித்தியாசம் 40 ரூபாய், 100 கிராமில் 4,000 ரூபாய். 995 வாங்குவது தப்பே இல்லை, 999 ரேட்டில் வாங்குவதுதான் தப்பு. பிஸ்கட் மேல் அச்சடித்திருக்கும் எண்ணும் பில்லில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். நகைக்கு இருப்பது போலக் காசுக்கும் பிஸ்கட்டுக்கும் ஹால்மார்க் கட்டாயம் என்று பலர் நம்புகிறார்கள். நகைக்கு ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கிய 2020 உத்தரவிலேயே தங்கக் கட்டிக்கும் காசுக்கும் விலக்கு உண்டு. அதனால் ஆலையின் பெயரும் பில்லும்தான் உங்கள் பாதுகாப்பு.

சரி, வைத்திருக்கும் செலவு. இதில்தான் ஆளாளுக்குக் கணக்கு மாறும். பெங்களூர் மாதிரி ஊரில் வங்கிச் சின்ன லாக்கருக்கு ஆண்டு வாடகை 2,500 என்று வைத்தால் 18 சதவீதம் ஜிஎஸ்டியோடு 2,950. ஐந்து ஆண்டுக்கு 14,750. ஒரே ஒரு 10 கிராம் காசுக்காக லாக்கர் எடுத்தால், வாங்கிய விலையில் ஏழில் ஒரு பங்கு வாடகைக்கே போய்விடும், இதைவிட முட்டாள்தனம் கிடையாது. 50 கிராம் பிஸ்கட் என்றால் ஐந்து ஆண்டுக்கு மூன்று சதவீதம் போல வரும். ஏற்கெனவே வீட்டு நகைக்கு லாக்கர் இருக்கிறது என்றால் அதற்குள் இன்னொரு பிஸ்கட்டை வைக்க ஆகும் கூடுதல் செலவு பூஜ்யம். நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், அதனால் லாக்கர் செலவைத் தங்கத்தின் தலையில் முழுதாகக் கட்டுவது சரியில்லை. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: லாக்கரில் தீ, திருட்டு, வங்கி ஊழியர் மோசடி என்று நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான், 2022 முதல் அதுதான் விதி. 2,500 வாடகைக்கு இரண்டரை லட்சம். உள்ளே பத்து லட்சம் வைத்திருந்தாலும் அவ்வளவுதான்.

டிஜிட்டலில் பெட்டகம் இலவசம் என்பார்கள். பெரும்பாலும் 5 ஆண்டுக்குத்தான் இலவசம், அதற்குப் பிறகு கட்டணம் கட்ட வேண்டும், அல்லது விற்க வேண்டும், அல்லது தங்கக் காசாகக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும், நிறுவனத்துக்கு நிறுவனம் நிபந்தனை மாறும். மதுரைக்காரரின் மகளுக்கு எட்டு வயது என்றேன் இல்லையா, அவருடைய திட்டம் பதினைந்து ஆண்டுத் திட்டம். ஐந்தாம் ஆண்டில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. நிபந்தனைப் பக்கத்தைத் திறந்து காட்டிய பிறகுதான் பார்த்தார்.

காசாக வாங்கிக்கொள்ளலாமே என்றார். வாங்கலாம், ஆனால் செலவிலேயே மோசமான வழி அது. முதலில் வாங்கும்போது பிரீமியமும் வரியும் கட்டியாயிற்று, இப்போது அச்சடிக்கும் கூலி, அனுப்பும் செலவு, அவற்றுக்கு வரி என்று தனியாக வரும். செய்கூலி கிடையாது என்று ஆரம்பித்த ஆள், கடைசியில் செய்கூலி கட்டி ஒரு காசு வாங்குகிறார், பிறகு அந்தக் காசை விற்கும்போது நகைக்கடைக் கழிவு வேறு. டிஜிட்டல் தங்கத்தை வாங்கினால் டிஜிட்டலாகவே விற்றுவிடுவதுதான் புத்தி. அதிலும் விற்கும் விலையை அந்த ஒரு நிறுவனம்தான் சொல்லும், ரேட் தாறுமாறாக ஆடும் நாட்களில் இடைவெளியை அது அகலமாக்கினால் வேறு கடைக்கு எடுத்துப் போக முடியாது. காசையும் பிஸ்கட்டையும் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கலாம், டிஜிட்டலில் அந்த வசதி இல்லை.

விலை கணக்கில் வராத ஒரு செலவும் டிஜிட்டலில் உண்டு. 2021இல் பங்குத் தரகர்கள் டிஜிட்டல் தங்கம் விற்கக் கூடாது என்று தேசியப் பங்குச் சந்தை சொல்லிவிட்டது. 2025 நவம்பரில் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி ஓர் அறிவிப்பு விட்டது, டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்புக்குக் கீழ் வராது, பங்கும் இல்லை, கமாடிட்டி ஒப்பந்தமும் இல்லை, விற்கும் தளத்துக்கு ஏதாவது ஆனால் முதலீட்டாளர் பாதுகாப்பு ஏற்பாடுகள் பொருந்தாது என்று. பெரிய நிறுவனங்கள் தங்கத்தைத் தனிப் பெட்டகத்தில் வைத்து, டிரஸ்டி ஒருவரையும் நியமித்திருக்கின்றன, அது உண்மை. ஆனால் அது அந்த நிறுவனம் தானாகச் செய்துகொண்ட ஏற்பாடு. நூறு, இருநூறு என்று போடும்போது இதைப் பற்றி யோசிக்க வேண்டாம், லட்சக்கணக்கில் சேர்ந்த பிறகு யோசிக்கத்தான் வேண்டும்.

மதுரைக்காரருக்கு நான் சொன்னது இதுதான். மாதம் மூவாயிரம், ஐயாயிரம் போடுகிற நிலையில் ஒரு கிராம் காசு வாங்குவதைவிட டிஜிட்டல் மலிவு, பன்னிரண்டுக்கு ஆறு. எனவே காசுக்கு மாற வேண்டாம். ஆனால் பத்து, இருபது கிராம் சேர்ந்ததும், அந்த ஐந்து ஆண்டுக் கெடுவுக்கு முன்னாலேயே, விற்றுப் பிஸ்கட் வாங்கலாமா என்றால், அதற்கும் மறுபடி வரி. அந்த மாற்றத்துக்கே ஐந்து சதவீதத்துக்கு மேல் செலவாகும். அதற்குப் பதில், இனிமேல் போடும் பணத்தை வங்கியில் ரெக்கரிங் டெபாசிட்டில் சேர்த்து, பெரிய பிஸ்கட் ஒன்றுக்குப் பணம் சேர்ந்ததும் வாங்குவது மேல். "நடுவில் ரேட் ஏறிட்டா?" என்றார். ஏறலாம், இறங்கவும் செய்யலாம், 2024 ஜூலையில் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது சில நாட்களிலேயே ரேட் சரிந்ததே. தங்கம் எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை, எவ்வளவு கழிவு கொடுக்கிறோம் என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது. கையில் தங்கமாக வேண்டாம், விலை ஏற்றம் மட்டும் போதும் என்றால் பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதியான தங்க இடிஎஃப் பக்கம் பார்க்கலாம், அதை வாங்கும்போது இந்த 3 சதவீத ஜிஎஸ்டி நம் மேல் விழாது, செபியின் கண்காணிப்பும் உண்டு. அது தனிக் கதை.

அவர் செயலியில் அன்றே செய்து பார்க்கும்படி நான் அவரிடம் சொன்ன வேலை ஒன்றுதான்: வாங்கும் திரையையும் விற்கும் திரையையும் ஒரே நேரத்தில் எடுத்து, ஒரு லட்சம் என்று போட்டு, வரி சேர்ந்த பிறகு எத்தனை கிராம் வருகிறது, அத்தனை கிராமை விற்றால் எவ்வளவு என்று பார்ப்பது. அவருக்கு 93,000 சொச்சம் வந்தது. என் உதாரணத்தைவிடக் குறைவு. வேறு இரண்டு செயலிகளிலும் போட்டுப் பார்த்தார், ஒன்றில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாக வந்தது.

கடைசியாகப் பில் விஷயம். வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து அந்த வரம்பின்படி வரி, அதற்குப் பிறகு விற்றால் 12.5 சதவீதம், மூன்று வகைத் தங்கத்துக்கும் இது ஒன்றுதான். லாபத்தைக் கணக்கிடும்போது செய்கூலியும் ஜிஎஸ்டியும் சேர்ந்த முழு விலைதான் வாங்கிய விலை, அதை நிரூபிக்கப் பில் வேண்டும். கடையில் கொடுக்கும் பில் வெப்பத் தாளாக இருந்தால் இரண்டே ஆண்டில் எழுத்து மங்கிவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். டிஜிட்டலில் ஒவ்வொரு தவணைக்கும் தனி இன்வாய்ஸ், அவற்றைச் செயலிக்குள்ளேயே விட்டு வைக்காமல் ஆண்டுக்கு ஒருமுறையாவது இறக்கி மெயிலில் போட்டுக்கொள்ளுங்கள், போன் மாற்றும்போது பலருக்குத் தொலைவது அதுதான்.